மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் கான்டூர், ஹைலைட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 11 வருடமாக மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மாநிறம், அல்லது அதைவிட நல்ல அடர்த்தியான நிறம். என் நிறமும் அதுதான். நிழல் மாதிரி போட்டு முகத்துக்கு வடிவம் காட்டுகிற கான்டூர், மின்னலால் எலும்பை எடுத்துக் காட்டுகிற ஹைலைட்டர் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். போட்டதே தெரியாமல், முகம் மட்டும் நன்றாக எடுப்பாகத் தெரியணும் என்று நினைக்கிறவர்களுக்கானது இது. மேடை நாடகத்துக்கோ ஃபோட்டோ ஷூட்டுக்கோ போடுகிற கனமான மேக்கப்புக்கு இதில் பதில் இருக்காது.

அக்கா, கான்டூர் பவுடர் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

திருநீறு பூசுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீரில் குழைத்து நெற்றியில் இழுக்கும்போது பட்டை சரியாகத் தெரியாது, தோல்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும். திருநீறு அதே திருநீறுதான். பொடிக்கு நடுவே ஈரம் இருக்கும்போது வெளிச்சம் அதற்குள் நுழைந்து தோல் வரை போய் வருகிறது, காய்ந்து நடுவே காற்று புகுந்ததும் வெளிச்சம் பொடியிலேயே பட்டுச் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது.

மேக்கப் பவுடரிலும் இதேதான் நடக்கிறது. கான்டூர் பவுடரில் நிறம் கொடுக்கிற பொருள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் டால்க், மைக்கா மாதிரியான வெளிர் பொடிகள். அவை தோலின் மேல் உலர்ந்து உட்காரும்போது ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் விழுகிறது. வெளுத்த தோலில் அந்தப் படலம் கண்ணுக்குப் படாது, அடியில் இருப்பதும் வெளிர்தானே. நம் தோலில் பழுப்பின் மேல் வெள்ளை விழுந்தால் கிடைப்பது சாம்பல் நிறம். அதனால் ஷேட் சரியாக இருந்தும் சாம்பல் பூக்கலாம். நிறைய பேர் ஷேட்தான் தப்பு என்று நினைத்து அடுத்தடுத்து அடர்த்தியான பவுடரை வாங்கிக்கொண்டே போகிறார்கள், பிரச்சினை பாதி நேரம் ஷேட்டில் இல்லை, பவுடர் என்கிற வடிவத்தில் இருக்கிறது.

கிரீமிலும் ஸ்டிக்கிலும் அதே பொடிகள் எண்ணெயிலும் மெழுகிலும் நனைந்து கிடக்கின்றன. குழைத்த திருநீறு மாதிரி. அதனால்தான் அவை தோலோடு கலந்து தெரிகின்றன.

அப்போ பவுடரே வேண்டாமா? மூன்றில் எதை வாங்குவது?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிரீம். தயங்காமல் சொல்வேன். டப்பாவிலோ டியூபிலோ வருகிற கிரீமை விரலாலேயே போடலாம், விரல் சூட்டில் இளகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதிகமாகிவிட்டால் ஈர ஸ்பான்ஜால் ஒற்றி எடுத்துவிடலாம்.

ஸ்டிக் என்பது மெழுகு கூடுதலாக உள்ள கிரீம், அவ்வளவுதான். மெழுகு கூடுதல் என்பதால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும், ஆனால் விரைவாகப் பரப்ப வேண்டும், ஏசி அறையில் இறுகிப்போய்த் தோலை இழுக்கும். வீடியோக்களில் ஸ்டிக்கை நேரே கன்னத்தில் வைத்துப் பட்டையாகக் கோடு இழுக்கிறார்கள் இல்லையா, அதைச் செய்யாதீர்கள். ஒரே இழுப்பில் வருகிற நிறம் நமக்குத் தேவையானதைவிட இரண்டு மூன்று மடங்கு. கீழே போட்ட ஃபவுண்டேஷனையும் அது வழித்து எடுத்துவிடும், நடுவில் தோல் தெரிகிற மாதிரி திட்டு விழும். புறங்கையில் இரண்டு தடவை தேய்த்து, அங்கிருந்து பிரஷ்ஷிலோ விரலிலோ எடுத்துப் போடுங்கள்.

பவுடருக்கு வேலை இருக்கிறது. எண்ணெய் வடிகிற முகம், கிரீம் போட்டால் பரு கிளம்புகிற முகம், அல்லது நாள் முழுக்க நிற்க வேண்டிய நிகழ்ச்சி. அப்போது கிரீமை முதலில் மெல்லிசாகப் போட்டு, அதன் மேல் அதே நிறப் பவுடரை மிக லேசாக வைக்கலாம். வரிசை முக்கியம்: கிரீமுக்கு மேல் பவுடர் போகலாம், பவுடர் போட்டு முடித்த முகத்தில் கிரீம் போகக் கூடாது. போனால் அது பவுடரோடு குழைந்து தோசைக்கல்லில் மாவு ஒட்டின மாதிரி திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியில் போட்டிருக்கிற பொருள் பட்டியலைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நிறம் தருகிற பொருள்களுக்கு எண் உண்டு. 77891 என்பது டைட்டானியம் டையாக்சைடு, சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதான். திருநீறு, டால்க் மாதிரி எண்ணெயில் நனைந்ததும் மறைந்துவிடுகிற ஆள் இல்லை இது, எண்ணெயிலும் வெள்ளையாகவே நிற்கும். கிரீம் வாங்கியும் சாம்பல் பூக்கிறது என்றால் பெரும்பாலும் இதன் அளவு கூடுதலாக இருக்கும். 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு, மூன்றும் இரும்பு ஆக்சைடுகள். நமக்கான பழுப்பு இந்த மூன்றின் கலவையில்தான் வருகிறது.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. பல பெட்டிகளில் பட்டியலின் கடைசியில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எல்லா நிற எண்களையும் மொத்தமாக எழுதியிருப்பார்கள். அந்த வரிசையில் உள்ள ஏதோ ஒரு ஷேட்டில் இவை இருக்கலாம் என்றுதான் அதற்குப் பொருள், உங்கள் கையில் உள்ள ஷேட்டில் எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது. அதனால் கடைசியில் தோலில் தேய்த்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி.

கான்டூர் நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் நிறத்தைவிட இரண்டு ஷேட் அடர்த்தி என்றால் போதுமா?

அடர்த்தி பாதி விஷயம்தான். மீதிப் பாதி, அந்தப் பழுப்புக்குள் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்பது.

கான்டூர் என்பது நிழல். வெளுத்த தோலில் விழுகிற நிழல் கொஞ்சம் சாம்பல் கலந்து தெரியும், அதனால் அவர்களுக்காகச் செய்யப்பட்ட கான்டூர் எல்லாம் களிமண் காய்ந்த மாதிரி சாம்பல் பழுப்பில் இருக்கும். அதை அப்படியே அடர்த்தியாக்கி நமக்கு விற்கும்போது கன்னத்தில் அழுக்கு ஒட்டின மாதிரி ஆகிறது. நம் தோலில் நிழல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஜன்னல் பக்கம் நின்று கையைக் கொஞ்சம் மடக்கி முழங்கை உள்பக்கம் மறைவான இடத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் இருக்காது, கருப்பட்டி மாதிரி, கொஞ்சம் சிவப்பு ஓடின அடர் பழுப்பு இருக்கும். அதுதான் உங்கள் கான்டூர் நிறம்.

சிவப்பு அதிகமாகிச் செங்கல் பக்கம் போனால் அது நிழலாகத் தெரியாது, வெயிலில் காய்ந்த சிவப்பாகத் தெரியும். அது பிரான்சருக்கு உரிய நிறம், அதன் இடம் வேறு. கடையில் பார்க்கும்போது மூன்று ஷேட்டைத் தாடை ஓரத்தில் அடுத்தடுத்துக் கோடாகப் போட்டு விரலால் தேய்த்துவிட்டு வெளியே வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். சாம்பலாகத் தெரிகிறதை விடுங்கள், ஆரஞ்சாகத் தெரிகிறதை விடுங்கள், எங்கே போட்டோம் என்று தேடுகிற மாதிரி இருக்கிறதை எடுங்கள். மணிக்கட்டில் போட்டுப் பார்ப்பது வீண், பலருக்குக் கையும் முகமும் ஒரே நிறம் இல்லை.

எனக்கு நெற்றி ஓரமும் கன்ன ஓரமும் வாயைச் சுற்றியும் ஏற்கெனவே கறுப்பாக இருக்கிறது. இதில் கான்டூர் எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் முகம் முழுக்க ஒரே நிறத்தில் இருக்கிறவர்கள் குறைவு. மூக்கு, கன்னத்தின் நடுப்பகுதி ஒரு நிறம், நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், தாடை எல்லாம் ஒன்று இரண்டு ஷேட் அடர்த்தி. பழக்கப்பட்ட முறை என்னவென்றால், நடுப்பகுதியின் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனை எடுத்து முகம் முழுக்கப் பூசி அந்த ஓரத்து அடர்த்தியை மறைத்துவிட்டு, அப்புறம் அதே ஓரத்தில் கான்டூர் என்று பழுப்பைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது. இரண்டு அடுக்கு கனம், இரண்டும் இயல்பாக இருக்காது. கழுத்தோடும் ஒட்டாது, ஏனென்றால் கழுத்து அந்த ஓரத்து நிறத்தில்தான் இருக்கும்.

ஓரத்து அடர்த்தியை விட்டுவிடுங்கள். அது இயற்கையாகவே முகத்தை வடிவமாகக் காட்டுகிற நிழல். ஃபவுண்டேஷனை மூக்கின் இருபக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போகப் போகக் குறைத்துக்கொண்டே போய், காதுக்கு இரண்டு விரல் முன்னால் ஒன்றுமே இல்லாமல் முடித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் கான்டூருக்கு மிஞ்சுகிற வேலை மிகக் கொஞ்சம். கன்ன எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பகுதி, தாடை எலும்புக்கு அடியில் கொஞ்சம். நெற்றிக்குப் பலருக்குத் தேவையே இல்லை.

வாயைச் சுற்றி இருக்கிற கறுப்பு வேறு விஷயம், அது நிழல் விழுகிற இடம் இல்லை, அதனால் முகத்தைச் சோர்வாகக் காட்டும். அங்கே ஆரஞ்சு கலந்த கரெக்டரைக் கடுகு அளவு தொட்டு வைத்து, அதன் மேல் உங்கள் நிறக் கன்சீலரை மெல்லிசாக ஒற்றுங்கள்.

ஒன்று சொல்லியே ஆகணும். நெற்றி ஓரத்திலும் பின்கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கறுப்பதோடு தடித்து, தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அது வெறும் நிற வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படி வருவதுண்டு. தோல் டாக்டரைப் பார்த்துச் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஹைலைட்டர் எந்த நிறம்? எல்லாரும் ஷாம்பெயின் நிறம்தான் சொல்கிறார்கள்

ஷாம்பெயின் என்ற பெயரில் வெள்ளியும் வருகிறது, வெளிர் தங்கமும் வருகிறது, பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாநிறத்துக்குத் தங்கமும் பீச் கலந்த தங்கமும் நன்றாக இருக்கும். அதைவிட அடர்த்தியான நிறத்துக்குச் செம்பு, வெண்கலம், கொஞ்சம் சிவந்த பழைய தங்கம். நகைக்கடையில் புதுப் பவுனுக்கும் பாட்டி காலத்து நகைக்கும் ஒரு நிற வேறுபாடு தெரியும் இல்லையா, தோல் அடர்த்தி கூடக் கூட அந்தப் பழைய நகை நிறத்துப் பக்கம் நகருங்கள். வெள்ளி, முத்து வெள்ளை, ஊதா மின்னுகிற ரகம், இவற்றை விட்டுவிடலாம்.

மின்னலுக்கான காரணம் மைக்கா என்கிற தாதுவின் மெல்லிய செதில்கள். அந்தச் செதிலின் மேல் டைட்டானியம் டையாக்சைடு பூச்சு மிக மெல்லிசாக இருந்தால் வெள்ளியாக மின்னும், கொஞ்சம் தடித்தால் தங்கமாக மாறும். இரும்பு ஆக்சைடு பூச்சு இருந்தால் வெண்கலமாகவும் செம்பாகவும் மின்னும். அப்புறம் செதிலைத் தாங்கி நிற்கிற அடிப்பொடி. மின்னலின் நிறம் தங்கமாக இருந்தும் அடிப்பொடி வெள்ளையாக இருந்தால் நமக்குச் சரிப்படாது.

அதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்கிற சோதனை ஒன்று. கன்ன எலும்பின் மேல் கொஞ்சம் போட்டுவிட்டு, வெளிச்சம் படாதபடி முகத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள். வெளிச்சம் படும்போது மின்னணும், படாதபோது போட்ட இடமே தெரியக் கூடாது. திருப்பின பிறகும் ஒரு வெளிர் பட்டை தெரிந்தால் அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கினதாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை. என் நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் போட்ட பார்லரில் எனக்கு முத்து வெள்ளை ஹைலைட்டர் போட்டார்கள். கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்திருந்தபோது அழகாகத்தான் தெரிந்தது. ஆல்பத்தில் பக்கவாட்டில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் இரண்டு கன்னத்திலும் சுண்ணாம்புக் கோடு. இந்தச் சோதனையை நான் பழகினது அதிலிருந்துதான்.

நிறமே இல்லாத, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பாம் ரகமும் கிடைக்கிறது. அதில் மைக்கா இல்லை, ஈரம் மின்னுகிற மாதிரி மட்டும் மின்னும். எந்த நிறத்துக்கும் பொருந்தும், எல்லாவற்றிலும் இயல்பாக இருப்பது அதுதான். பிசுபிசுப்பு இருக்கும், முடி ஒட்டும், அதற்குத் தயாராக இருங்கள்.

படிப்படியாக ஒரு தடவை சொல்லுங்களேன், எவ்வளவு எடுக்கணும், எங்கே வைக்கணும்?

போன மே மாதம் ரிசப்ஷனுக்கு நான் மேக்கப் போட்ட ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். நல்ல அடர் பழுப்பு, நெற்றி ஓரமும் தாடையும் நடுமுகத்தைவிட இரண்டு ஷேட் அடர்த்தி, வட்ட முகம். மண்டபத்தில் மேடைக்கு வெள்ளை எல்இடி விளக்கு. அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னை வெள்ளையாக்க வேண்டாம் அக்கா, என் முகம் என் முகமாகவே இருக்கணும்."

மாய்ஸ்சரைசர் போட்டுப் பத்து நிமிடம் விட்டேன். அது உள்ளே இறங்காமல் கிரீம் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபவுண்டேஷன் நடுமுகத்துக்கு மட்டும், மேலே சொன்ன மாதிரி வெளியே போகப் போகக் குறைத்து.

கான்டூர் ஸ்டிக்கைப் புறங்கையில் இரண்டு இழுப்பு இழுத்து, சிறிய தட்டை பிரஷ்ஷால் அதில் தொட்டேன். இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு அரிசி மணி அளவு. காது நடுவிலிருந்து வாய் ஓரத்தை நோக்கி ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் காதுப் பக்கம் தொடங்கி, கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முன்னால் கொண்டுவந்தால் கன்னம் ஒட்டி, நோயாளி மாதிரி தெரியும். பிரஷ்ஷைக் காதுப் பக்கம்தான் முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் முதல் தொடுதலில்தான் நிறம் அதிகம் இறங்கும், அது வெளிப்பக்கம் இருந்தால் முடியோடு கலந்துவிடும்.

கன்னத்தில் பரப்பும்போது எப்போதும் மேல்நோக்கி. கீழே இழுத்தால் கன்னம் தொங்கின மாதிரி ஆகும். ஈர ஸ்பான்ஜை நன்றாகப் பிழிந்து, கோட்டின் மேல் விளிம்பை மட்டும் ஒற்றி ஒற்றிக் கரைத்தேன். தாடைக்கு அடியில் மிச்சம் பிரஷ்ஷில் இருந்தது போதுமானதாக இருந்தது, அதைக் கழுத்துப் பக்கம் கரைத்துவிட்டேன். வட்ட முகம்தான் என்றாலும் நெற்றிக்குப் போடவில்லை, அங்கே அவர் தோலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அப்புறம் கிரீம் பிளஷ், கான்டூருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேலே செம்பு கலந்த தங்க நிற கிரீம் ஹைலைட்டர், கடுகு அளவு, மோதிர விரலில் எடுத்து இன்னொரு கை விரலில் தேய்த்துப் பாதியாக்கி, கன்ன எலும்பின் உச்சியில் மூன்று தட்டு. தேய்க்கவில்லை, தட்டினேன். தேய்த்தால் கீழே உள்ள ஃபவுண்டேஷன் விலகும். மூக்கு நுனிக்கு ஒன்றும் போடவில்லை, மே மாதத்தில் மூக்கு தானாகவே மின்னும்.

முதலில் நான் எடுத்த கான்டூர் ஷேட் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் கொஞ்சம் சாம்பல் அடித்தது. அறையில் மஞ்சள் விளக்கு, அங்கே சரியாகத் தெரிந்தது, மேடை விளக்கில் வந்து நின்றதும் தெரிந்துவிட்டது. துடைக்காமல், வெண்கலம் கலந்த செம்பழுப்புப் பவுடரைப் பெரிய பிரஷ்ஷில் எடுத்து, தட்டி உதிர்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை ஓட்டினேன். சாம்பலுக்குள் சிவப்பு இறங்கினதும் நிழல் மாதிரி ஆகிவிட்டது. அதனால் எந்த விளக்கில் நிற்கப் போகிறீர்களோ அந்த விளக்கில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், முடியாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில்.

போட்டபின் அதிகமாகிவிட்டது என்றால்?

கிரீம் என்றால் ஈர ஸ்பான்ஜால் அழுத்தி எடுங்கள், அப்புறமும் கனமாக இருந்தால் ஃபவுண்டேஷன் பூசின அதே ஸ்பான்ஜில் மிச்சம் இருப்பதை ஓரத்தில் ஒற்றுங்கள். பவுடர் சாம்பல் பூத்துவிட்டால் அதன் மேல் இன்னும் பவுடர் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முகத்துக்கு அடிக்கிற மிஸ்டை ஒரு அடி தள்ளிப் பிடித்து இரண்டு தடவை அடித்து, ஸ்பான்ஜால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். மிஸ்டில் கிளிசரின் இருப்பது நல்லது, வெறும் தண்ணீர் என்றால் காய்ந்ததும் திருநீறு கதை திரும்பிவிடும்.

பருத்தழும்பு, பெரிய துளைகள் இருக்கின்றன. ஹைலைட்டர் போடலாமா?

போடலாம், அந்த இடத்தில் வேண்டாம். மின்னுகிற எதுவும் மேட்டையும் பள்ளத்தையும் எடுத்துக் காட்டும். தழும்பு கன்னத்து நடுவில் இருந்தால் ஹைலைட்டரைக் கன்ன எலும்பின் வெளிக்கோடிக்கு, கண் ஓரத்துக்கும் காதுப் பக்கத்து நெற்றி ஓரத்துக்கும் இடையில் நகர்த்திவிடுங்கள். அங்கே தோல் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். துகள் பெரிதாக, மினுக்கு மினுக்கு என்று தனித்தனியாகத் தெரிகிற ரகம் வேண்டாம். விரலில் தேய்த்துப் பார்க்கும்போது புள்ளிகளாகத் தெரியாமல் ஒரே பளபளப்பாகத் தெரிவதை எடுங்கள்.

மூக்குக்கு கான்டூர்?

நேரில் பார்க்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட எப்போதும் தெரிந்துவிடுகிறது. பேசும்போதும் சிரிக்கும்போதும் மூக்கு அசைகிறது, கோடு அசைவதில்லை. இயல்பாக வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். போட்டே ஆகணும் என்றால் புருவத் தொடக்கத்திலிருந்து மூக்குத் தண்டின் மேல்பாதி வரை மட்டும், பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதை வைத்து.

வியர்வையில் எல்லாம் வழிந்துவிடுகிறதே

நம் ஊர் வெயிலுக்கு எதுவும் முழுசாக நிற்காது. அளவு குறைவாக இருந்தால் கலைவதும் அழகாகக் கலையும், அதைத்தான் நான் நம்புகிறேன். கிரீமை இரண்டு மெல்லிய அடுக்காகப் போடுங்கள், முதல் அடுக்குக்குப் பிறகு டிஷ்யூ தாளை முகத்தில் வைத்து அழுத்தி எடுத்துவிட்டு இரண்டாவது. அதன் மேல் அதே நிற கான்டூர் பவுடர், பிரஷ்ஷை ஒரு தடவை தொட்டு இரண்டு தடவை தட்டி உதிர்த்த பிறகு. பவுடர் கனமாக இருந்தால் வியர்வையில் நனைந்த இடம் அடர்ந்தும் காய்ந்த இடம் வெளுத்தும் வரைபடம் மாதிரி ஆகிவிடும். வியர்த்தால் கைக்குட்டையால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் முகம் வெள்ளையாகத் தெரிகிறது, ஹைலைட்டர்தான் காரணமா?

பெரும்பாலும் அது இல்லை. நிறமற்றது என்று விற்கிற வெள்ளை செட்டிங் பவுடரில் சிலிக்கா நிறைய இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷில் திரும்பி அடிக்கும். டைட்டானியம், துத்தநாகம் உள்ள சன்ஸ்கிரீனும் அப்படிச் செய்யும். சன்ஸ்கிரீனை விட வேண்டாம், ஃபிளாஷில் படம் எடுக்கிற இரவு நிகழ்ச்சிக்கு மட்டும் அது தேவையில்லை. செட்டிங் பவுடரில் உங்கள் நிறம் கலந்த ரகமாக எடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இருட்டு அறையில் ஃபோனில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்க் கடையில் என் நிறத்துக்கு கான்டூரே கிடைப்பதில்லை. வேறு எதை வைத்துச் செய்யலாம்?

கான்டூர் என்று பெயர் எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேட் அடர்த்தியான, மின்னாத கிரீம் கன்சீலரோ ஸ்டிக் ஃபவுண்டேஷனோ அந்த வேலையைச் செய்யும். பவுடர் வேண்டுமென்றால் மேட் பழுப்பு ஐஷேடோ போதும், அதில் நிறம் செறிவாக இருப்பதால் பல கான்டூர் பவுடர்களைவிடச் சாம்பல் குறைவு. கொஞ்சமாகத் தொடுங்கள். புருவத்துக்குப் போடுகிற பவுடர் வேண்டாம், அதில் சாம்பல் சாயல் கூடுதல். காஜலைக் கரைத்துப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கறுப்பு மட்டும் தோலில் கலந்தால் நீலச் சாம்பலாகத்தான் வரும்.

கிடைக்கிற அடர் பழுப்பு சாம்பல் அடிக்கிறது என்றால், அதோடு செங்கல் நிறமோ மெரூன் நிறமோ உள்ள மின்னாத கிரீம் பிளஷைக் கொஞ்சம் புறங்கையில் கலந்துகொள்ளுங்கள். நாலு பங்கு பழுப்புக்கு ஒரு பங்கு சிவப்பு என்று தொடங்கிப் பாருங்கள். கலந்து போடுவது மட்டமான வேலை இல்லை. அமெரிக்காவில் கறுப்பின வாசகர்களுக்கான எபோனி பத்திரிகை நடத்திய பேஷன் ஷோவில் கறுப்பின மாடல்கள் தங்கள் நிறத்துக்கு எதுவும் கிடைக்காமல் ஃபவுண்டேஷன்களைக் கலந்து கலந்துதான் போட்டார்கள், அதைப் பார்த்துத்தான் அந்த ஷோவின் பொறுப்பில் இருந்த யூனிஸ் ஜான்சன் 1973இல் ஃபேஷன் ஃபேர் என்ற மேக்கப் வரிசையையே தொடங்கினார். 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேட் ஃபவுண்டேஷனோடு வந்த பிறகு வேறு பல பெரிய நிறுவனங்களும் அடர்த்தியான பக்கம் ஷேட்களைக் கூட்டின. நம் சின்ன ஊர்க் கடை அலமாரிக்கு அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, அதுவரை கலப்போம்.

ஸ்டிக் கைப்பையில் உருகிவிட்டது, மேலே வியர்த்த மாதிரி எண்ணெய்த் துளி நிற்கிறது. தூக்கிப் போடணுமா?

துளி மட்டும் என்றால் வேண்டாம். சூட்டில் மெழுகுக்குள் இருந்த எண்ணெய் வெளியே வந்திருக்கிறது, டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, மூடி போட்டு நிமிர்த்தி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேல்பகுதி கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் கத்தியால் மெல்லிசாகச் சீவிவிட்டுப் பயன்படுத்தலாம். பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ, நிறம் திட்டாக மாறியிருந்தாலோ, பெட்டியில் திறந்த டப்பா படத்துக்குள் போட்டிருக்கிற மாதக் கணக்கு தாண்டியிருந்தாலோ வைத்துக்கொள்ள வேண்டாம். பைக் சீட்டுக்கு அடியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், மதியம் ஒரு மணி வெயிலில் கிரீம் டப்பாவும் சேர்ந்து குழம்பாகிவிடும்.